கோட்டுக்குப் பின்னால் ஒரு பாதம்

லான் டென்னிஸ் பிறந்தபோது சர்வ் போடுபவர் கோர்ட்டின் கடைசிக் கோட்டில் நிற்கவில்லை. 1874இல் இங்கிலாந்தில் மேஜர் வால்டர் க்ளாப்டன் விங்ஃபீல்ட் காப்புரிமை பெற்று விற்ற ஆட்டத்தில், வலை இருக்கும் இடத்தில் இடுப்பு ஒடுங்கிய உடுக்கை போலக் கோர்ட் இருந்தது. அதன் ஒரு பாதியின் நடுவே சாய்சதுரமாக ஒரு சிறிய கட்டம் வரைந்திருப்பார்கள். சர்வ் போடுபவர் அதற்குள் நின்றுதான் போட வேண்டும். எதிர்ப் பாதியில் அந்தக் கட்டம் கிடையாது. சர்வ் எப்போதும் ஒரே பக்கத்திலிருந்துதான் கிளம்பும்.

அந்தக் கட்டத்தில் நின்றவருக்குக் கால் ஒரு பிரச்சினையே இல்லை. அன்றைய சர்வ் ஆட்டத்தைத் தொடங்கி வைப்பதற்கான ஒரு மரியாதையான வீச்சு. பந்து வலையைத் தாண்டி உரிய இடத்தில் விழுந்தால் போதும். அதைக் கொண்டே பாயின்ட்டை வெல்லலாம் என்ற எண்ணம் இன்னும் வரவில்லை. அந்த எண்ணம் வந்த பிறகுதான், அடிப்பவரின் கால் எங்கே இருக்கிறது என்று ஒருவர் உட்கார்ந்து பார்க்க வேண்டிய நிலை வந்தது. இன்று நாம் ஃபுட் ஃபால்ட் என்று சொல்லும் விதி சுமார் 150 ஆண்டுகளாக இடம் மாறி, இறுகி, தளர்ந்து வந்திருக்கிறது. அந்தப் பயணத்தில் ஒரு போக்கு தெளிவாகத் தெரிகிறது. தரையில் காலுக்கு இருந்த உரிமை குறைந்துகொண்டே வந்தது. காற்றில் காலுக்கு இருந்த உரிமை கூடிக்கொண்டே போனது.

சாய்சதுரக் கட்டத்துக்கு ஆயுள் அதிகமில்லை. 1875இல் லண்டனின் எம்.சி.சி., ஆமாம், கிரிக்கெட்டின் அதே எம்.சி.சி.தான், லான் டென்னிஸுக்கு ஒரு பொது விதித்தொகுப்பு வெளியிட்டது. அதில் சர்வ் போடுபவர் கோர்ட்டின் கடைசிக் கோட்டுக்கு, அதாவது பேஸ்லைனுக்கு, அனுப்பப்பட்டார். ஒரு கால் அந்தக் கோட்டுக்கு வெளியே இருந்தால் போதும் என்றது விதி. இரண்டு ஆண்டு கழித்து 1877இல் முதல் விம்பிள்டன் நடந்தபோது, ஹென்றி ஜோன்ஸ், ஜூலியன் மார்ஷல், சி.ஜி. ஹீத்கோட் ஆகிய மூவரும் விதிகளைத் திருத்தி எழுதினார்கள். உடுக்கையை எடுத்துவிட்டு நீள்சதுரமாக, 78 அடிக்கு 27 அடி என்று கோர்ட்டை வகுத்தவர்கள் அவர்களே. இன்றும் ஒற்றையர் கோர்ட்டின் அளவு அதுதான். காலைப் பொறுத்தவரை அவர்கள் புதிதாக எதையும் கேட்கவில்லை. ஒரு கால் கோட்டுக்கு வெளியே இருந்தால் சரி.

மற்றக் கால்? அதைப் பற்றி விதி வாய் திறக்கவில்லை. ஒரு கால் கோட்டுக்குப் பின்னால் ஊன்றியிருக்க, மற்றொன்று கோர்ட்டுக்குள் ஓர் எட்டு வைத்து நின்றாலும் குற்றமில்லை. தோளுக்குக் கீழே மென்மையாகத் தட்டி அனுப்பிய காலத்தில் இதனால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் அடுத்த சில ஆண்டுகளில் தலைக்கு மேலே கையை உயர்த்தி ஓங்கி அடிக்கும் சர்வ் பரவியது. சர்வ் போட்ட கையோடு வலைக்கு ஓடி, திரும்பி வரும் பந்தைத் தரையில் படவிடாமல் அடித்து முடிக்கும் ஆட்டமும் வந்தது. இப்படி ஆடுபவருக்கு ஓர் எட்டு என்பது பெரிய விஷயம். கோர்ட்டுக்குள் ஒரு கால் வைத்து அடிப்பவர், வலைக்குப் போகும் வழியில் ஓர் எட்டு முன்னதாகவே கிளம்பிவிடுகிறார்.

எனவே விதி அந்த முன்னங்காலைப் பிடித்து இழுக்கத் தொடங்கியது. 1880களின் முடிவுக்குள் அது இப்படி மாறியிருந்தது: ஒரு கால் பேஸ்லைன் மேல் இருக்க வேண்டும், மற்றது கோட்டுக்குப் பின்னால் இருக்க வேண்டும், ஆனால் பின்னால் இருக்கும் கால் தரையில் ஊன்றியிருக்க வேண்டியதில்லை. இதை ஒரு முறை நின்று யோசிக்க வேண்டும். இன்று கோட்டின் மேல் கால் பட்டால் ஃபால்ட். அன்று கோட்டின் மேல் கால் இருப்பதுதான் விதி. இருபதாம் நூற்றாண்டின் முதல் ஆண்டுகளில் அந்தக் காலும் பின்னுக்குத் தள்ளப்பட்டது. இரண்டு காலும் பேஸ்லைனுக்குப் பின்னால் இருக்க வேண்டும், நடந்தோ ஓடியோ வந்து சர்வ் போடக் கூடாது என்ற நிலை வந்தது. தரையில் கால் எங்கே இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு அப்போது கிடைத்த பதில்தான் இன்று வரை நிற்கிறது.

காற்றில் இருக்கும் காலைப் பற்றிய கேள்வி மட்டும் தீரவில்லை. அடுத்த அரை நூற்றாண்டுக்கு விதி மூன்று நிபந்தனைகளை வைத்தது. நடக்கவோ ஓடவோ கூடாது. தரையோடு தொடர்பு விடுபடக் கூடாது, அதாவது ஒரு காலாவது ஊன்றியிருக்க வேண்டும். இரண்டு காலும் கோட்டுக்குப் பின்னால் இருக்க வேண்டும். மூன்றாவது நிபந்தனையை எழுத்துப்படி எடுத்தால், பந்தை அடிக்கும் முன் பின்னங்கால் காற்றில் வீசிக் கோட்டைத் தாண்டினாலும் குற்றமே.

இதை நேரில் தீர்ப்பது எப்படி? பேஸ்லைன் நேரே பக்கவாட்டில் அமர்ந்திருக்கும் லைன் ஜட்ஜை நினைத்துப் பாருங்கள். அவர் கண் சர்வ் போடுபவரின் பாதங்களில் இருக்கிறது. பந்து ராக்கெட்டில் படுவது அதற்கு இரண்டரை, மூன்று மீட்டர் உயரத்தில். பாதத்தைப் பார்க்கும் கண்ணுக்கு ராக்கெட் தெரியாது. ராக்கெட்டைப் பார்த்தால் பாதம் தெரியாது. பந்தில் அடி விழும் ஓசையைக் காதால் வாங்கிக்கொண்டு, அந்தக் கணத்தில் முன்னங்காலின் பெருவிரல் தரையை விட்டுவிட்டதா, காற்றில் வரும் பின்னங்கால் கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று சொல்ல வேண்டும். எவ்வளவு நேர்மையானவரானாலும் இருவர் இருவிதமாகத்தான் சொல்வார்கள். உடலை மேல்நோக்கி உந்தி அடிக்கும் எந்த ஆட்டக்காரருக்கும் பாதம் தரையை விடுவது இயல்பு. அவர் விதியைப் பின்பற்றுகிறாரா மீறுகிறாரா என்பது அவருக்கே தெரியாது. நிறைவேற்ற முடியாத விதி, நல்ல நோக்கத்தோடு எழுதப்பட்டிருந்தாலும், மோசமான விதிதான்.

1960களின் தொடக்கத்தில் அந்தக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. தரையைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனை போனது. அடிக்கும் கணத்தில் ஒரு காலோ இரு காலுமோ காற்றில் இருக்கலாம். கால் காற்றில் கோட்டைத் தாண்டியிருந்தாலும் குற்றமில்லை. பந்து ராக்கெட்டில் படும்வரை கோட்டையோ கோர்ட்டையோ கால் தொடக் கூடாது, அவ்வளவுதான். லைன் ஜட்ஜின் வேலை ஒரே கேள்வியாகச் சுருங்கியது: தொட்டதா, தொடவில்லையா?

இந்தத் தளர்வு சர்வின் உருவத்தையே மாற்றியது. இன்று தொலைக்காட்சியில் எந்தப் பெரிய ஆட்டத்தைப் பார்த்தாலும், சர்வ் போடுபவர் கோட்டுக்குப் பின்னாலிருந்து மேலும் முன்னுமாக எழும்பி, கோட்டுக்கு முன்னே காற்றில் பந்தைச் சந்தித்து, கோர்ட்டுக்குள் இறங்குவதைக் காணலாம். பாதம் பேஸ்லைனுக்குப் பின்னால் கிளம்பியது. பந்தை அடித்த இடமோ பேஸ்லைனுக்கு முன்னால். உயரமும் கூடுகிறது, வலைக்கான தூரமும் குறைகிறது, எதிரே பந்து விழ வேண்டிய கட்டம் இன்னும் கொஞ்சம் விரிந்து தெரிகிறது. 1880களின் விதி முன்னங்காலைப் பின்னுக்கு இழுத்துப் பறித்ததில் ஒரு பகுதியை, 1960களின் விதி காற்று வழியாகத் திருப்பிக் கொடுத்துவிட்டது.

எல்லாருக்கும் இது பிடிக்கவில்லை. அமெரிக்காவின் நியூபோர்ட்டில் ஜேம்ஸ் வான் ஆலன் என்ற செல்வந்தர் இருந்தார். டை-பிரேக்கைத் தந்தவர் என்று டென்னிஸ் உலகம் நினைவில் வைத்திருப்பது அவரைத்தான். சர்வின் ஆதிக்கம் ஆட்டத்தைக் கெடுக்கிறது என்பது அவர் கருத்து. 1965இல் நியூபோர்ட்டில் தொழில்முறை ஆட்டக்காரர்களை வைத்து அவர் நடத்திய போட்டியில், பேஸ்லைனுக்கு 3 அடி பின்னால் இன்னொரு கோடு போட்டு, அங்கிருந்துதான் சர்வ் போட வேண்டும் என்றார். அவருடைய டை-பிரேக் யோசனை, வேறு வடிவத்தில், உலகம் முழுவதும் போனது. 3 அடி பின்கோடு எங்கும் போகவில்லை. எனக்கு அதில் வருத்தமுண்டு. உயரமான ஆட்டக்காரர்கள் பெருகிவிட்ட இந்தக் காலத்தில் அந்த யோசனையை இன்னொரு முறை ஒரு சிறிய போட்டியிலாவது சோதித்துப் பார்க்கலாம்.

இப்போது நடப்பில் உள்ள விதியைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். பன்னாட்டு டென்னிஸ் கூட்டமைப்பின் விதிப் புத்தகத்தில் 16ஆம் விதி எங்கே நிற்க வேண்டும் என்கிறது. 18ஆம் விதி எது ஃபுட் ஃபால்ட் என்கிறது. சர்வ் அசைவைத் தொடங்குவதற்குச் சற்று முன், இரண்டு காலும் பேஸ்லைனுக்குப் பின்னால், அசையாமல் நிலைத்து நிற்க வேண்டும். நிற்கும் இடத்துக்குப் பக்கவாட்டில் இரண்டு எல்லைகள் உண்டு. ஒன்று பேஸ்லைனின் நடுவில் இருக்கும் சென்டர் மார்க். இன்னொன்று சைடுலைன். இரண்டையும் பின்பக்கம் நீட்டினால் வரும் கற்பனைக் கோடுகளுக்கு நடுவே நிற்க வேண்டும். பின்னால் மட்டும் எல்லை கிடையாது. விரும்பினால் வேலியை ஒட்டி நின்றும் சர்வ் போடலாம்.

ஒற்றையர் ஆட்டத்தில் ஒருவர் கோர்ட்டின் இடது பாதியிலிருந்து சர்வ் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கோர்ட்டின் அகலம் 8.23 மீட்டர், பாதி 4.115 மீட்டர். சென்டர் மார்க்கின் அகலம் 5 சென்டிமீட்டர். அதில் பாதியைக் கழித்தால் அவருக்குக் கிடைப்பது ஏறக்குறைய 4.09 மீட்டர் அகலமுள்ள ஒரு பாதை. ஓரமாகப் போய் அகலமான கோணத்தில் அடிக்க நினைப்பவர், பக்கத்தில் இரட்டையர் சைடுலைன் வரை பேஸ்லைன் நீள்வதைப் பார்த்து அங்கே நகர்ந்துவிடக் கூடாது. ஒற்றையர் ஆட்டத்தில் அந்தத் துண்டுக்குப் பின்னால் நின்று சர்வ் போட முடியாது. இரட்டையரில் மட்டுமே அந்த இடம் திறக்கிறது.

இரண்டு பக்க எல்லைகளும் ஒரே மாதிரியானவை அல்ல என்பதைப் பலர் கவனிப்பதில்லை. சைடுலைன் நீட்சிக்கு வெளியே இருக்கும் தரையைத் தொட்டால்தான் ஃபால்ட். அந்த நீட்சியின் மேலேயே கால் இருந்தால் பரவாயில்லை. சென்டர் மார்க்கிலோ, நீட்சியைத் தொட்டாலே ஃபால்ட். தரையில் வரையப்பட்ட குறி 10 சென்டிமீட்டர் நீளம்தான். ஆனால் அதன் 5 சென்டிமீட்டர் அகலப் பட்டை கண்ணுக்குத் தெரியாமல் பின்வேலி வரை நீள்கிறது என்று கொள்ள வேண்டும். பேஸ்லைன் இவை எல்லாவற்றையும் விடக் கண்டிப்பானது. அது கோர்ட்டின் பகுதி. ஷூவின் நுனி அதன் பின்விளிம்பைத் தொட்டாலும் கோர்ட்டைத் தொட்டதாகவே பொருள்.

சர்வ் அசைவு எப்போது முடிகிறது? ராக்கெட் பந்தில் படும்போது, அல்லது வீசித் தவறும்போது. அதற்குப் பிறகு கால் எங்கே போனாலும் கேள்வி இல்லை. அதுவரை நடக்கவோ ஓடவோ கூடாது, ஆனால் பாதங்களின் சிறு அசைவு அனுமதிக்கப்படுகிறது. பந்தை மேலே எறிந்து, காற்று அடித்துவிட்டது என்று அடிக்காமல் கையில் பிடித்துக்கொண்டால், அது சர்வே ஆகாது. அதற்குள் கால் கோட்டில் பட்டிருந்தாலும் ஃபுட் ஃபால்ட் என்று அழைக்க முடியாது.

தண்டனை எளிமையானது. ஃபுட் ஃபால்ட் என்பதும் ஒரு ஃபால்ட், அவ்வளவே. முதல் சர்வில் நடந்தால் இரண்டாவது சர்வ் மீதி இருக்கிறது. இரண்டாவதிலும் நடந்தால் டபுள் ஃபால்ட், பாயின்ட் எதிராளிக்கு. பந்து எவ்வளவு அழகாக உள்ளே விழுந்தது என்பதற்கு மதிப்பில்லை. முதல் சர்வை எதிராளி, சர்வ் போட்டவர் எட்ட முடியாத இடத்துக்குத் திருப்பி அடித்திருந்தாலும், ஃபுட் ஃபால்ட் அழைக்கப்பட்டுவிட்டால் அந்த அடியும் கணக்கில் வராது.

இப்படி ஒரு சிறிய தண்டனை, ஒரு கிராண்ட்ஸ்லாம் அரையிறுதியை முடித்த இரவும் உண்டு. 2009 செப்டம்பர் 12, நியூயார்க், யு.எஸ். ஓப்பன் மகளிர் அரையிறுதி. நடப்புச் சாம்பியன் செரீனா வில்லியம்ஸுக்கு எதிரே பெல்ஜியத்தின் கிம் கிளைஸ்டர்ஸ். குழந்தை பெற்று, ஓய்விலிருந்து மீண்டு, வைல்டு கார்டில் உள்ளே வந்தவர். முதல் செட்டை 6-4 என்று கிளைஸ்டர்ஸ் வென்றார். அதைத் தோற்ற கோபத்தில் செரீனா ராக்கெட்டைத் தரையில் அடித்து நொறுக்க, நடத்தை விதியின் கீழ் ஓர் எச்சரிக்கை வந்தது. அந்த எச்சரிக்கையை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். முடிவு அதிலிருந்துதான் வந்தது.

இரண்டாவது செட்டில் 5-6. செரீனாவின் சர்வ். அதைத் தோற்றால் ஆட்டம் முடிந்தது. ஸ்கோர் 15-30. முதல் சர்வ் ஃபால்ட். இரண்டாவது சர்வை அடித்ததும் பேஸ்லைன் ஜட்ஜ் ஃபுட் ஃபால்ட் என்று குரல் கொடுத்தார். டபுள் ஃபால்ட். 15-40, கிளைஸ்டர்ஸுக்கு இரண்டு மேட்ச் பாயின்ட். செரீனா அடுத்த சர்வுக்குப் போகாமல் லைன் ஜட்ஜை நோக்கி நடந்து, ராக்கெட்டை நீட்டிக் கடுமையான வார்த்தைகளால் திட்டினார். லைன் ஜட்ஜ் அம்பயரிடம் அழைக்கப்பட்டார், போட்டியின் தலைமை நடுவர் உள்ளே வந்தார். முதல் எச்சரிக்கை ஏற்கெனவே இருந்ததால், இரண்டாவது மீறலுக்கு ஒரு பாயின்ட் தண்டனை. 15-40இல் ஒரு பாயின்ட் போனால் கேம் போகும், கேம் போனால் செட், செட் போனால் ஆட்டம். 6-4, 7-5. கை குலுக்க வந்த செரீனாவை எப்படி எதிர்கொள்வது என்று தெரியாமல் கிளைஸ்டர்ஸ் திகைத்து நின்றார். அவர்தான் பிறகு பட்டத்தையும் வென்றார். செரீனாவுக்குப் பின்னர் 82,500 டாலர் அபராதமும், கிராண்ட்ஸ்லாம் போட்டிகளில் இரண்டு ஆண்டு கண்காணிப்பும் வந்தன. அந்தக் காலத்துக்குள் இன்னொரு பெரிய மீறல் நடந்தால் அபராதம் 1,75,000 டாலராக உயரும் என்றும் சொல்லப்பட்டது.

அந்த இரவின் சண்டை திட்டியதைப் பற்றியது. ஆனால் அதன் பின்னால் நடந்த விவாதம் காலைப் பற்றியது. தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பப் போட்டும், கால் கோட்டைத் தொட்டதா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கேமரா அந்தக் கோட்டின் நேரே இல்லை. பந்து உள்ளேயா வெளியேயா என்று கணினியைக் கேட்கும் முறை 2006இலேயே யு.எஸ். ஓப்பனுக்கு வந்துவிட்டது. ஆனால் அது பந்துக்கு மட்டும். காலைக் கேட்டு மேல்முறையீடு செய்ய வழியில்லை. பல அனுபவசாலிகள் இன்னொன்றைச் சொன்னார்கள்: அரையிறுதியின் அந்தக் கட்டத்தில், வெட்டவெளிச்சமாகத் தெரிந்தாலொழிய, ஃபுட் ஃபால்ட் அழைத்திருக்கவே கூடாது.

இந்த இரண்டாவது வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. 18ஆம் விதியில் ஸ்கோரைப் பற்றி ஒரு வார்த்தை கூட இல்லை. முதல் கேமில் குற்றமானது கடைசி கேமில் குற்றமில்லை என்றால், எந்தப் பாயின்ட்டிலிருந்து விதி உறங்கப் போகிறது என்பதை யார் முடிவு செய்வது? நெருக்கடியில் உடல் முன்னே சாய்வதும், கால் வழக்கத்தைவிட ஓர் அங்குலம் நகர்வதும் இயல்பு. அந்த நேரத்தில் விதியைத் தளர்த்துவது எதிரே நிற்பவருக்குச் செய்யும் அநியாயம். கால் பட்டதைக் கண்டால் அழைப்பதைத் தவிர லைன் ஜட்ஜுக்கு வேறு கடமை இல்லை. காணவில்லை என்றால் பேசாமல் இருக்க வேண்டும். அன்று அவர் கண்டது சரியா என்பதை நாம் அறிய முடியாது. கண்டதைச் சொன்னதில் தவறில்லை.

அந்தச் சந்தேகத்துக்கு விடை தேட இப்போது கேமராக்கள் வந்துவிட்டன. 2020 யு.எஸ். ஓப்பனில் இரண்டு பெரிய மைதானங்களைத் தவிர மற்றக் கோர்ட்டுகளில் லைன் ஜட்ஜ்கள் இல்லை. பந்தின் தீர்ப்பைக் கணினி சொன்னது. காலுக்கோ, கோட்டைப் பார்த்தபடி வைத்த கேமராக்களின் படத்தைத் தனி அறையில் ஒருவர் அமர்ந்து பார்த்து, ஃபுட் ஃபால்ட்டைத் தீர்மானித்தார். பதிவான குரல் ஒன்று அதை மைதானத்தில் அறிவித்தது. அடுத்த ஆண்டு ஆஸ்திரேலிய ஓப்பன் எல்லாக் கோர்ட்டுகளிலும் மின்னணுத் தீர்ப்புக்கு மாறியது. 2025இல் விம்பிள்டனும் லைன் ஜட்ஜ்களுக்கு விடை கொடுத்தது. பாரிஸின் களிமண் மட்டும் மனிதர்களை வைத்திருக்கிறது. கேமரா கோட்டின் நேரே இருப்பதால் 2009இன் குழப்பத்துக்கு அதிக இடமில்லை. இதில் எனக்குத் தயக்கமே இல்லை, இது நல்ல மாற்றம்.

சக்கர நாற்காலி டென்னிஸில் இந்த விதி இன்னொரு வடிவம் எடுத்திருக்கிறது. அங்கே பாதத்தின் இடத்தில் சக்கரம். சர்வ் போடுபவர் முதலில் நாற்காலியை நிறுத்த வேண்டும். அதன்பின் பந்தை அடிக்கும் முன் ஒரே ஒரு தள்ளு அனுமதி. அந்தத் தள்ளில் எந்தச் சக்கரமும் பேஸ்லைனையோ, பக்க எல்லைகளுக்கு வெளியேயோ தொடக் கூடாது. நடக்கக் கூடாது, ஆனால் சிறு அசைவுக்கு இடமுண்டு என்ற பழைய சமரசமே இங்கே ஒரு தள்ளாக மாறியிருக்கிறது.

பெரிய மைதானங்களை விட்டு, நடுவரே இல்லாத கிளப் ஆட்டத்துக்கு வருவோம். ஃபுட் ஃபால்ட் அதிகம் நடப்பது அங்கேதான். அது எப்படி நடக்கிறது என்று பார்த்தால் பெரும்பாலும் மூன்று வழிகள். சிலர் முன்னங்காலைக் கோட்டுக்கு மிக அருகில் வைத்து நிற்பார்கள். பந்தை எறியும்போது எடை முன்னே வந்ததும், ஷூ முனை சுழன்று கோட்டில் ஏறிவிடும். சிலர் பின்னங்காலை இழுத்து முன்னங்காலோடு சேர்த்துக்கொண்டு எழும்புவார்கள். அப்படி இழுக்கும் கால் முன்னங்காலைத் தாண்டிக் கோட்டைத் தொடும், சென்டர் மார்க்கை ஒட்டி நிற்பவரானால் அந்தக் கண்ணுக்குத் தெரியாத பட்டையிலும் இறங்கும். மூன்றாவது வகை, பந்தை மிக முன்னே எறிந்துவிட்டு அதைத் துரத்துபவர்கள். அவர்களுக்குக் கால் பிழை இல்லை, கைப் பிழை. எறிதலைத் திருத்தாமல் காலைத் திருத்த முயன்றால் ஒரு பயனும் இருக்காது.

எதிரே நிற்பவரால் இதைப் பார்க்க முடியாது. அவர் கோர்ட்டின் மறுகோடியில், சுமார் 24 மீட்டர் தள்ளி நிற்கிறார். நடுவே வலை. கண்ணெல்லாம் பந்தின் மேல். அதனால்தான் நடுவர் இல்லாத ஆட்டங்களுக்காக அமெரிக்க டென்னிஸ் சங்கம் எழுதிய நடத்தைக் குறிப்பு, மிக அப்பட்டமாகத் தெரியும் ஃபுட் ஃபால்ட்டை மட்டும், அதுவும் முதலில் எச்சரித்து, ஓர் அதிகாரியைத் தேடிப் பார்த்து, கிடைக்காத பிறகே எதிராளி அழைக்கலாம் என்கிறது. மற்றதெல்லாம் சர்வ் போடுபவரின் நாணயத்தைப் பொறுத்தது. நான் கோட்டைத் தொட மட்டும்தான் செய்தேன், வலைக்கு ஓடவில்லையே என்ற சமாதானத்தை அந்தக் குறிப்பு ஏற்பதில்லை. பழக்கமாகிவிட்ட ஃபுட் ஃபால்ட்டை, உள்ளே விழுந்த பந்தை வேண்டுமென்றே வெளியே என்று சொல்வதற்குச் சமமான ஏமாற்றாகவே அது கருதுகிறது.

அந்தச் சமாதானத்தில் கொஞ்சம் உண்மை இருக்கத்தான் செய்கிறது. பேஸ்லைனிலிருந்து எதிர்ப்பக்கச் சர்வீஸ் கோடு வரை 18 மீட்டருக்குச் சற்று மேல். அதில் 5 சென்டிமீட்டர் கால் முன்னே போனதால் பந்துக்குக் கிடைக்கும் லாபம் ஒன்றுமில்லை என்றே சொல்லலாம். ஆனால் 5 சென்டிமீட்டரை விட்டால் அடுத்தது 10, அதற்கடுத்தது கோட்டின் மேல் ஒரு முழுப் பாதம், பிறகு கோர்ட்டுக்குள் ஓர் எட்டு. இது கற்பனைப் பயம் அல்ல. 1877இல் விதி நின்ற இடமே அதுதான். அங்கிருந்து பின்னுக்கு வந்த ஒவ்வொரு அங்குலமும் எதிரே நிற்பவருக்காக வந்தது.

உங்கள் கால் எங்கே படுகிறது என்று அறிய அதிகம் செலவில்லை. பேஸ்லைன் நீட்சியின் மேல், கோர்ட்டுக்கு வெளியே, பக்கவாட்டில் தரையோடு தரையாக ஃபோனைச் சாய்த்து வையுங்கள். கேமரா கோட்டின் நேரே இருக்க வேண்டும். பின்னாலிருந்தோ உயரத்திலிருந்தோ எடுத்தால் பாதத்துக்கும் கோட்டுக்கும் இடையே உள்ள இடைவெளி பொய்யாகத் தெரியும். மெதுவாக ஓடும் வீடியோவில் இருபது சர்வ் போடுங்கள், களைத்த பிறகு இன்னும் பத்து. ராக்கெட்டில் பந்து படும் கணத்தில் நிறுத்தி, அதற்கு முன்னால் வந்த படங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒரு படத்திலாவது ஷூ கோட்டைத் தொட்டிருந்தால், அடுத்த ஆட்டத்தில் நிற்கும் இடத்தை ஒரு கையளவு பின்னுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். விதி பின்னால் எவ்வளவு இடம் வேண்டுமானாலும் தருகிறது.